301ல ராஜா மாறிட்டாரு, ஊரு மாற இன்னொரு நூறு வருஷம் ஆச்சு: ஆர்மீனியாவோட மதம், எழுத்து, திருச்சபை

ஆர்மீனியான்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதல்ல சொல்றது 301. உலகத்துலயே முதல் முதல்ல கிறிஸ்தவத்த அரசு மதமா ஏத்துக்கிட்ட நாடு, ரோமுக்கும் முன்னாடியேன்னு. அது சரிதான், ஆனா அந்த வருஷத்தோட கதைய முடிச்சிட்டா முக்கியமான விஷயமே விட்டுப்போயிடும். ஏன்னா 301ல நடந்தது ஒரு ராஜா குடும்பமும் அவரோட படையும் மாறுனது. அந்த மதம் ஆர்மீனியர்களோட சொந்த மதமா ஆனது 405ல ஒரு எழுத்து வந்த பிறகுதான், அந்த எழுத்து இல்லாம இருந்திருந்தா இந்த திருச்சபை கிரேக்கத்துக்குள்ளயோ, சிரியா பக்கத்து கிறிஸ்தவங்களோட மொழியான சுரியானிக்குள்ளயோ கரைஞ்சு போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். தனி திருச்சபைங்கற முடிவு அதுக்கும் நூறு நூத்தம்பது வருஷம் கழிச்சு வந்துச்சு. இந்த மூணும் ஒரே சங்கிலி, தனித்தனியா படிச்சா புரியாது.

முதல்ல இடத்த பாத்துடுவோம். காகசஸ் மலைகளுக்கு தெற்க உயரமான மேட்டு நிலம், மேற்க ரோம், கிழக்க பாரசீகம். ரெண்டு பெரிய யானைங்களுக்கு நடுவுல மாட்டுன நாடு. அங்க ஆண்டது அர்ஷகுனி வம்சம். இவங்களோட மூத்த கிளைதான் பாரசீகத்தையும் ஆண்டுட்டு இருந்துச்சு, 224ல சசானியர்கள் அவங்கள கவுத்துட்டு ஆட்சிய பிடிச்சாங்க. அதுக்கப்புறம் ஆர்மீனிய ராஜாவுக்கு பாரசீகம்னா சொந்தக்காரன கொன்னவன் வீடு. இதுல சிக்கல் என்னன்னா ஆர்மீனியாவோட பழைய மதமும் பாதி ஈரானிய மதம்தான். அரமாஸ்த், அனாஹித், வஹாக்ன்னு அவங்க கும்பிட்ட தெய்வங்க எல்லாத்துக்கும் அந்த பக்கம் சொந்தம் உண்டு. சசானியர்கள் சொராஸ்திரிய மதத்த அரசாங்கத்தோட கருவியாவே ஆக்குனாங்க, அக்கினி பீடம் கட்டுறது அவங்களுக்கு ஆட்சிய நிலைநிறுத்துற மாதிரி. அப்ப பழைய மதத்த வச்சிக்கிட்டு "நாங்க வேற ஆளுங்க"ன்னு சொல்றது ஆர்மீனிய ராஜாவுக்கு கஷ்டம். மதம் மாறுனதுக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல வரல, ஆனா இத விட்டுட்டு பாக்க முடியாது.

இப்ப ஆர்மீனியர்கள் சொல்ற கதை. அகதாங்கெலோஸ்ங்கற பேர்ல இருக்க வரலாற்று நூல்ல வர்றது. மதம் மாறுன அந்த ராஜா பேரு த்ரதாத், அவரோட அப்பாவ அனாக்னு ஒருத்தன் கொன்னுடுறான். அந்த அனாக்கோட பையன் கிரிகோர், கப்பதோக்கியாவுல செசரியாங்கற ஊர்ல கிறிஸ்தவனா வளர்றாரு, வளந்து வந்து அதே த்ரதாத்கிட்டயே வேலைக்கு சேர்றாரு. அனாஹித் கோயில்ல மாலை போட சொன்னப்ப மாட்டேன்னு சொல்ல, யாரோட பையன்னும் தெரிஞ்சுபோக, அர்தாஷாத் பக்கத்துல ஒரு பாதாள குழிக்குள்ள தள்ளிடுறாங்க. பதிமூணு வருஷம்னு சொல்றாங்க. அந்த குழி இருந்ததா சொல்ற இடம் இன்னைக்கும் கோர் விராப்ங்கற மடம், குறுகலான ஓட்டை வழியா இரும்பு ஏணி பிடிச்சு உள்ள இறங்கலாம், வெளிய வந்தா எதிர்ல அராரத் மலை. அப்புறம் ரோமுல இருந்து தப்பி வந்த ஹ்ரிப்சிமே, கயானேங்கற கன்னியர்கள ராஜா கொல்லுறாரு, அதோட பலனா புத்தி கெட்டு காட்டுப்பன்னி மாதிரி ஆயிடுறாரு, ராஜாவோட தங்கச்சிக்கு கனவுல குழிக்குள்ள இருக்கவரதான் கூப்பிடணும்னு வருது, கிரிகோர் வெளிய வந்து ராஜாவ குணமாக்குறாரு, நாடே ஞானஸ்நானம் வாங்குது.

இந்த நூல் நடந்த சம்பவத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எழுதப்பட்டது, அதுவும் எழுத்து வந்த பிறகு. அதனால இத அப்படியே நடந்ததா எடுத்துக்க முடியாது. வருஷத்துலயும் பிரச்சன இருக்கு. த்ரதாத் ஆட்சிக்கு திரும்பி வந்ததே ரோமோட உதவியில, 298 வாக்குல ரோம் பாரசீகத்த ஜெயிச்ச பிறகுதான். அப்ப ரோம சக்கரவர்த்தி டயோக்ளீஷியன், கிறிஸ்தவர்கள கடுமையா வேட்டையாடுன ஆளு, 303ல அந்த வேட்டை ஆரம்பிக்குது. தன்ன சிம்மாசனத்துல உக்கார வச்சவன் எந்த மதத்த அழிக்க பாக்குறானோ அதே மதத்துக்கு 301ல மாறுறது நம்பற மாதிரி இல்லங்கறதால, நிறைய ஆராய்ச்சியாளர்கள் 314 வாக்குலதான் நடந்திருக்கும்னு சொல்றாங்க, 313ல ரோம் கிறிஸ்தவத்துக்கு அனுமதி குடுத்த பிறகு. திருச்சபை மட்டும் 301லயே நிக்குது. எனக்கு 314தான் ஒத்துவருது, ஆனா அப்படி வச்சாலும் ரோம் கிறிஸ்தவத்த அரசு மதமா அறிவிச்ச 380க்கு ரொம்ப முன்னாடிதான், அதனால "முதல் நாடு"ங்கறதுக்கு பெருசா பங்கம் இல்ல.

மாத்துன விதம்தான் கவனிக்க வேண்டியது. கிரிகோர் பைபிள மட்டும் தூக்கிட்டு போகல, ராஜாவோட படையும் கூட போச்சு. அனாஹித் கோயில், அரமாஸ்த் கோயில், அஷ்திஷாத்ல வஹாக்ன் கோயில் எல்லாத்தையும் இடிச்சாங்க, கோயில் சொத்தும் நிலமும் சபைக்கு போச்சு. அஷ்திஷாத்ல அதே எடத்துலயே சர்ச் கட்டி அதுதான் ஆரம்பத்துல தலைமை சர்ச் மாதிரி இருந்துச்சு. பழைய பூசாரிங்களோட பசங்கள கூட்டிட்டு வந்து கிறிஸ்தவ போதகர்களா பயிற்சி குடுத்தாங்கன்னு அந்த நூலே சொல்லுது. தலைமை பதவியும் பழைய பூசாரி பதவி மாதிரியே பரம்பரையாச்சு, கிரிகோருக்கு அப்புறம் அவரோட பையன் அரிஸ்தாகெஸ், இவருதான் 325ல பிஷப்புங்க கூடி முடிவெடுத்த நிக்கேயா சங்கத்துக்கு போனவரு, அப்புறம் இன்னொரு பையன், பேரன்னு போயிட்டே இருந்துச்சு. இந்த பதவிக்கு பேரு கத்தோலிக்கோஸ், ரோமன் கத்தோலிக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒவ்வொரு கத்தோலிக்கோஸும் பட்டம் வாங்க செசரியாவுக்குதான் போகணும், அதாவது ரோம் எல்லைக்குள்ள இருக்க கிரேக்க பிஷப்கிட்ட. 373 வாக்குல பாப்ங்கற ராஜா அப்ப இருந்த நெர்செஸ்ங்கற கத்தோலிக்கோஸ விஷம் வச்சு கொன்ன பிறகுதான் அந்த வழக்கம் நின்னுச்சு.

சரி, ஜனங்க? புசந்தரான்னு சொல்ற 5ம் நூற்றாண்டு வரலாறு இத மறைக்காம சொல்லுது. கிரேக்கமோ சுரியானியோ கொஞ்சமாச்சும் தெரிஞ்ச சில பேருக்குதான் இந்த மதத்துல என்ன சொல்றாங்கன்னே புரிஞ்சுது, மத்தவங்க கட்டாயத்துக்காக ஏத்துக்கிட்டு பழைய பாட்டு, பழைய சடங்குலயே இருந்தாங்கன்னு. அது அப்படித்தான் இருக்கும், ஏன்னா வழிபாடு மேற்க கிரேக்கத்துல, தெற்கயும் கிழக்கயும் சுரியானியில. ஆர்மீனிய மொழிக்கு எழுத்தே கிடையாது. சர்ச்சுல வேதம் வாசிப்பாங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னு வாயாலயே மொழிபெயர்த்து சொல்லணும், அவரு என்ன சொல்றாரோ அதான் வேதம். அடுத்த வாரம் வேற ஆளு வந்தா வேற மாதிரி. இதுக்கு மேல 387 வாக்குல ரோமும் பாரசீகமும் நாட்ட ரெண்டா பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க, அஞ்சுல நாலு பங்கு பாரசீகத்துக்கு. இப்படியே விட்டா மேற்கு துண்டு கிரேக்க சபையாவும் கிழக்கு துண்டு சுரியானி சபையாவும் போயிருக்கும்.

இங்கதான் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் வர்றாரு. தாரோன் பகுதியில ஹட்செகாட்ஸ்ங்கற கிராமத்துக்காரர், ராஜாவோட அலுவலகத்துல கிரேக்கம், பாரசீகம் எல்லாம் கையாண்ட எழுத்தர், அப்புறம் வேலைய விட்டுட்டு துறவி ஆயிட்டாரு. கோக்தன்ங்கற பகுதியில பிரசங்கம் பண்ண போனப்ப பழைய மதம் அப்படியே உயிரோட இருந்தத பாத்தாரு, சொல்றது ஒண்ணும் அவங்க மனசுல நிக்கலன்னு புரிஞ்சுக்கிட்டு கத்தோலிக்கோஸ் சஹாக்கிட்ட போயி பேசுனாரு, சஹாக்கும் அதே கவலையிலதான் இருந்தாரு. ரெண்டு பேரும் சேந்து பாரசீக பக்கத்து ராஜா வ்ரம்ஷாபுஹ்கிட்ட போனாங்க. இதெல்லாம் நமக்கு தெரியுறது மாஷ்தோத்ஸோட மாணவர் கொரியுன் எழுதுன வாழ்க்கை வரலாறு மூலமா, குரு இறந்த கொஞ்ச வருஷத்துலயே எழுதுனது, அதனால மத்த நூல்கள விட இத அதிகமா நம்பலாம்.

ராஜா சொன்னாரு, டேனியல்னு ஒரு சுரியானி பிஷப்கிட்ட ஆர்மீனியத்துக்குன்னு ஒரு எழுத்து தொகுதி இருக்காம்னு. ஆள் அனுப்பி வாங்கிட்டு வந்து பசங்களுக்கு ரெண்டு வருஷம் சொல்லிக்குடுத்தும் பாத்தாங்க. உதவல. ஆர்மீனிய அசைகள முழுசா எழுத அந்த எழுத்து பத்தலன்னு கொரியுன் சொல்றாரு. ஏன் பத்தலன்னு யோசிச்சா, ஆர்மீனியத்துல வல்லின ஒலிங்க மூணு மூணா வரும். "க" எடுத்துக்கிட்டா அழுத்தி சொல்ற ஒண்ணு, குரல் சேத்து சொல்ற ஒண்ணு, மூச்சு விட்டு சொல்ற ஒண்ணு, மூணும் தனித்தனி, மாத்தி சொன்னா அர்த்தமே மாறிடும். இதே மாதிரி "த", "ப", "ச்ச", "த்ஸ" வரிசைக்கும். இத்தன ஒலிய தாங்குற அளவுக்கு கிரேக்கத்துல எழுத்து கிடையாது. சுரியானியில உயிரெழுத்த முழுசா எழுதுற வழக்கமே இல்ல.

அதனால மாஷ்தோத்ஸ் மாணவர்கள ரெண்டு குழுவா பிரிச்சு கூட்டிட்டு எதெஸ்ஸா, அமிதா, சமோசதான்னு கிளம்பிட்டாரு, ஒரு குழு சுரியானி படிக்க, இன்னொண்ணு கிரேக்கம் படிக்க. 405 வாக்குல எழுத்து வரிசை தயார் ஆச்சு. வடிவத்த அழகா முடிச்சு குடுக்க சமோசதாவுல ரூஃபினோஸ்னு ஒரு கிரேக்க கையெழுத்து கலைஞர பிடிச்சாரு. மொத்தம் 36 எழுத்து. வரிசை பெரும்பாலும் கிரேக்க அகரவரிசைய பின்பத்திதான் போகுது, கிரேக்கத்துல இல்லாத ஒலிகளுக்கு புது எழுத்து உண்டாக்கி நடு நடுவுல செருகியிருக்காரு. எழுதுறது இடமிருந்து வலம், உயிரெழுத்து எல்லாம் தனியா நிக்கும். "உ" ஒலிக்கு மட்டும் தனி எழுத்து வைக்காம கிரேக்கத்துல பண்றாப்லயே ரெண்டு எழுத்த சேத்து எழுதுனாங்க, அத பாத்தாலே எந்த மாடல பக்கத்துல வச்சிக்கிட்டு வேலை பாத்திருக்காருன்னு தெரிஞ்சிடும். முதல் எழுத்து அவங்க மொழியில கடவுளுங்கற சொல்லோட முதல் எழுத்து, கடைசி எழுத்து கிறிஸ்துவோட முதல் எழுத்து.

36ங்கற எண்ணிக்கைக்கு இன்னொரு வசதி இருக்கு. ஒன்பது ஒன்பதா நாலு வரிசையா பிரிச்சா முதல் வரிசை 1ல இருந்து 9, ரெண்டாவது 10ல இருந்து 90, மூணாவது 100ல இருந்து 900, நாலாவது 1000ல இருந்து 9000. எழுத்தையே எண்ணா போட்டு கணக்கு, வருஷம், அதிகார எண் எல்லாம் எழுதிடலாம். மத்திய காலத்துல "ஓ", "ஃப" ஒலிக்கு ரெண்டு எழுத்து கடைசியில சேத்தாங்க, மொத்தம் 38 ஆச்சு. 1600 வருஷத்துல மாஷ்தோத்ஸோட அடிப்படை தொகுதிய மாத்த வேண்டிய தேவையே வரல, ஒலிய காதால கேட்டு பிரிச்ச வேல அவ்வளவு துல்லியமா இருந்திருக்கு.

புது எழுத்துல முதல்ல எழுதுனது நீதிமொழிகள் புத்தகத்தோட ஆரம்ப வசனம், ஞானத்தையும் போதகத்தையும் அறியறதுக்குன்னு வர்ற வரி. அவரு திரும்பி வந்தப்ப ராஜாவும் சஹாக்கும் ஊருக்கு வெளிய ஆத்தங்கரைக்கே வந்து வரவேத்தாங்கன்னு கொரியுன் எழுதுறாரு. அதுக்கப்புறம் மொழிபெயர்ப்பு வேகம் நம்ப முடியாத மாதிரி. பைபிள முதல்ல கையில கிடைச்ச பிரதிய வச்சு அவசரமா பண்ணிட்டாங்க, 431ல எபேசு சங்கம் முடிஞ்ச பிறகு எஸ்னிக், கொரியுன் மாதிரி மாணவர்கள் கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்து நல்ல கிரேக்க பிரதிங்கள கொண்டு வந்தாங்க, சஹாக்கும் மாஷ்தோத்ஸும் உக்காந்து மொத்தத்தையும் திருத்துனாங்க. சபை தந்தையர் நூல்கள், வரலாறு, இலக்கணம்னு தொடர்ந்துச்சு. சில கிரேக்க நூல்கள் மூலத்துல அழிஞ்சு போயி ஆர்மீனிய மொழிபெயர்ப்புலதான் இன்னைக்கு முழுசா இருக்கு, யூசேபியஸோட காலவரிசை நூல் அப்படி ஒண்ணு.

ஜார்ஜிய எழுத்தையும் காகசிய அல்பேனிய எழுத்தையும் மாஷ்தோத்ஸ்தான் உருவாக்குனாருன்னு கொரியுன் சொல்றாரு. ஜார்ஜிய அறிஞர்கள் இத ஒத்துக்க மாட்டாங்க, அந்த சண்ட இன்னும் ஓடுது. அல்பேனிய எழுத்து கதை வேற மாதிரி, அந்த மக்களோட எழுத்தே தொலைஞ்சு போயி, சினாய் மலை மடத்துல பழைய எழுத்த சுரண்டிட்டு மேல வேற எழுதுன தோல் ஏடுகள்ல அடியில இருந்தத 1990கள்ல ஜார்ஜிய அறிஞர் சாசா அலெக்சித்சே கண்டுபிடிச்சப்பதான் படிக்க முடிஞ்சுது. எழுத்து வச்சிருந்தும் சபைய தக்க வச்சிக்க முடியாதவங்களும் உண்டுங்கறதுக்கு இது சாட்சி, அந்த அல்பேனியர்கள் பின்னாடி ஆர்மீனிய சபைக்கு கீழயே வந்துட்டாங்க.

அப்புறம் 428. ஆர்மீனிய பிரபு குடும்பங்களே பாரசீகத்துகிட்ட போயி இந்த ராஜா சரியில்ல, எடுத்துடுங்கன்னு கேட்டாங்க. சஹாக் ஒத்துக்கல. சீக்கா இருந்தாலும் என் ஆட்ட ஓநாய்கிட்ட குடுக்க மாட்டேன்னு அவரு சொன்னதா ஒரு பழைய வரலாறு சொல்லுது. அவரு பேச்சு எடுபடல, ராஜ்ஜியமே போச்சு, சஹாக்கையும் பதவியில இருந்து இறக்கிட்டு பாரசீகம் தனக்கு வேண்டிய ஆளுங்கள, அதுல சுரியானியர்களையும், கத்தோலிக்கோஸா உக்கார வச்சுது. எழுத்து மட்டும் இருபது வருஷம் முன்னாடி வராம இருந்திருந்தா இந்த இடத்துல கதை முடிஞ்சிருக்கும். ராஜா இல்லாத நாட்டுல எல்லா ஆர்மீனியனுக்கும் பொதுவா மிஞ்சுனது சபையும் அந்த மொழியும்தான்.

449ல பாரசீக மன்னன் இரண்டாம் யஸ்தகெர்த் எல்லாரும் சொராஸ்திரிய மதத்துக்கு வரணும்னு உத்தரவு போட்டான். 451 மே மாசம் அவராய்ர் சமவெளியில வர்தான் மாமிகோனியன் தலைமையில மோதுனாங்க. தோத்துட்டாங்க, வர்தானும் இறந்துட்டாரு, ஆர்மீனிய தரப்புல 1036 பேருன்னு கணக்கு சொல்றாங்க. ரோம சக்கரவர்த்தி மார்சியன்கிட்ட உதவி கேட்டும் வரல. ஆனா எதிர்ப்பு நிக்கல, முப்பது வருஷம் கழிச்சு வர்தானோட அண்ணன் தம்பி வழியில வந்த வஹான் திரும்ப எழும்பி 484ல ந்வார்சாக் ஒப்பந்தத்துல மத சுதந்திரத்த எழுதியே வாங்கிட்டாரு. தோத்த சண்டைய அவங்க இன்னைக்கும் திருநாளா கொண்டாடுறது இதனாலதான்.

இப்ப எல்லாரும் தப்பா சொல்ற இடத்துக்கு வர்றேன். அதே 451 அக்டோபர்ல கல்கெதோன் சங்கம் நடந்துச்சு, கிறிஸ்துவுக்கு ரெண்டு இயல்பு, இறை இயல்பு மனித இயல்புன்னு முடிவு எடுத்துச்சு. ஆர்மீனியர்கள் சண்டையில இருந்ததால போக முடியல, அதனால பிரிஞ்சுட்டாங்கன்னு சுலபமா சொல்லிடுறாங்க. போகலங்கறது உண்மை. ஆனா வெளிப்படையா நிராகரிச்சது ரொம்ப காலம் கழிச்சு. 506ல த்வின் நகரத்துல கத்தோலிக்கோஸ் பாப்கென் தலைமையில கூடுன சங்கம் முக்கியமா பயந்தது பாரசீகத்துக்குள்ள வளர்ந்துட்டு இருந்த நெஸ்தோரிய போக்க பாத்து, கிறிஸ்துவ ரெண்டு ஆளா பிரிக்கற மாதிரி அவங்களுக்கு பட்டுச்சு. கல்கெதோன் சொன்ன "ரெண்டு இயல்பு"ம் அதே வாடைதான் அடிக்குதுன்னு சந்தேகம். அந்த சமயம் ரோமுலயே சக்கரவர்த்தி செனோ கல்கெதோன ஓரமா தள்ளி வச்ச சமரச ஆவணம் விட்டிருந்தாரு, அத ஆர்மீனியர்களும் ஜார்ஜியர்களும் அல்பேனியர்களும் ஏத்துக்கிட்டாங்க. கல்கெதோன நேரடியா பேரு சொல்லி தள்ளுனது 555 வாக்குல ரெண்டாவது த்வின் சங்கத்துல. நூறு வருஷ இடைவெளி.

அவங்க நின்ன இடம் அலெக்சாந்திரியா பிஷப் சிரில் சொன்னது, மனிதனான வார்த்தையோட, அதாவது கிறிஸ்துவோட, ஒரே இயல்பு, அதுல இறையும் மனிதமும் கலக்காம பிரியாம இருக்கு. இத மோனோபிசைட், அதாவது மனித இயல்ப விழுங்கிட்ட கொள்கைன்னு வெளிய முத்திரை குத்துனாங்க, ஆனா அத சொன்ன யூட்டிக்கஸ்ங்கற துறவிய ஆர்மீனிய சபையும் கண்டிக்குது. எகிப்து காப்டிக், எத்தியோப்பியா, சுரியானி சபைகளோட, கேரளாவுல இருக்க யாக்கோபாய, மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இதே குடும்பம்தான்.

இறையியல் மட்டும்தான் காரணமான்னா இல்ல. 591ல பாரசீகம் ஆர்மீனியாவோட பெரும்பகுதிய கிழக்கு ரோமான பைசாந்தியத்தோட சக்கரவர்த்தி மொரீஸுக்கு விட்டுக்குடுத்துச்சு, அசாத்ங்கற சின்ன ஆறு எல்லையாச்சு. மொரீஸ் கத்தோலிக்கோஸ் மோவ்சேச கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்து ஐக்கியம் பேச கூப்பிட்டாரு. அசாத் ஆத்த தாண்ட மாட்டேன், அடுப்புல சுட்ட அப்பத்த தின்ன மாட்டேன், வெந்நீர் குடிக்க மாட்டேன்னு பதில் வந்துச்சு. கேக்க கோவத்துல பேசுன மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் குறி பாத்து சொன்னது. கிரேக்க சபை நற்கருணைக்கு புளிச்ச மாவு அப்பம் வைக்கும், கிண்ணத்துல வெந்நீர் ஊத்தும். ஆர்மீனிய சபையில புளிப்பில்லா அப்பம், தண்ணி கலக்காத திராட்சரசம். மொரீஸ் அதுக்கு ஆத்துக்கு அந்த பக்கம் அவான்ல போட்டி கத்தோலிக்கோஸ் ஒருத்தர உக்கார வச்சாரு, இருபது வருஷம் ரெண்டு பேரு இருந்தாங்க. பாரசீகத்துக்கோ தன் குடிமக்கள் ரோமோட சபைல இல்லாம இருந்தா ரொம்ப சௌகரியம், அதனால தன் பக்கம் த்வின்ல இருந்த மோவ்சேஸ் ஆளுங்கள தொந்தரவு பண்ணல. ஆக ரெண்டு பேருக்கும் அடங்காத இடமா தனி சபைதான் கிடைச்சுது.

ஜார்ஜியர்கள் மட்டும் மனசு மாறி கல்கெதோன் பக்கம் போனாங்க. 607 வாக்குல கடிதம் மேல கடிதம் போயி, கடைசியில ஆர்மீனிய கத்தோலிக்கோஸ் ஆப்ரகாம் அவங்களோட சேந்து ஜெபிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, சம்பந்தம் பண்ணக் கூடாதுன்னு ஆணை போட்டாரு, வியாபாரம் மட்டும் வச்சிக்கலாம்னு. பக்கத்து வீட்டுக்காரன் கூட அவ்வளவு தூரம். எழுத்து பிறந்ததுல இருந்து ஒண்ணா வந்த ரெண்டு சபைக இங்க பிரிஞ்சது எனக்கு படிக்கும்போதெல்லாம் வருத்தமாதான் இருக்கும்.

வழிபாட்டுல பழசும் புதுசும் எப்படி கலந்துச்சுன்னும் பாக்கணும். கிறிஸ்து பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஒரே நாள்ல, ஜனவரி 6ல கொண்டாடுறாங்க, டிசம்பர் 25ங்கற வழக்கம் பரவறதுக்கு முன்னாடி கிழக்குல இருந்த பழைய முறை அது. மதாக்ன்னு ஒரு வழக்கம் இருக்கு, நேர்த்திக்கு ஆடோ சேவலோ குடுத்து, குரு மந்திரிச்ச உப்ப போட்டு சமைச்சு ஏழைக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போடுறது, நம்மூர்ல கிடா வெட்டி ஊரு கூடி சாப்பிடுற மாதிரி. படையோட போயி கோயில இடிச்ச சபை கடைசில இத ஆசீர்வாதம் பண்ணி தன்னோடதா ஆக்கிக்கிச்சு.

தலைமை இடமும் ஆட்சி மாற மாற நகர்ந்துட்டே இருந்துச்சு, மத்தியதரைக் கடலோரம் இருக்க சிலிசியா வரைக்கும் போயி 1441ல ஆர்மீனியாவுலயே இருக்க எச்மியாட்சினுக்கு திரும்புச்சு, சிலிசியா கத்தோலிக்கோஸ் பதவியும் தனியா இப்ப லெபனான்ல தொடருது. வியாபாரிங்க போன இடமெல்லாம் சர்ச்சும் அச்சகமும் போச்சு. உலகத்தோட முதல் ஆர்மீனிய பத்திரிகை "அஸ்தாரார்" 1794ல வந்தது நம்ம மெட்ராஸ்லதான், ஹாருத்யுன் ஷ்மாவோன்யன்ங்கற பாதிரியார் நடத்துனது, பாரிமுனை பக்கம் அரண்மனைக்காரன் தெருவுல 1772ல கட்டுன அவங்க சர்ச் இன்னும் இருக்கு.

கல்கெதோன் சண்டைக்கு வந்தா, 1996 டிசம்பர்ல போப் இரண்டாம் ஜான் பாலும் கத்தோலிக்கோஸ் முதலாம் கரேகினும் கூட்டு அறிக்கை கையெழுத்து போட்டு, பழைய பிரிவினைல வார்த்தை, பண்பாடு, அரசியல் எல்லாத்துக்கும் பங்கு இருந்துச்சு, அது இனிமே நம்மள பிரிச்சு வைக்க தேவையில்லன்னு சொன்னாங்க. ஆனா ஆர்மீனிய சபை கல்கெதோன இன்னைக்கு வரைக்கும் ஏத்துக்கல, ரோமோட முழு ஐக்கியமும் வரல. அவங்க பொதுச்சங்கமா ஏத்துக்கறது இப்பவும் நிக்கேயா, கான்ஸ்டான்டிநோபிள், எபேசு மூணு மட்டும்தான்.